எக்செல் கட்டத்துக்கு ஓர் எல்லை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு ஊருக்கு ஊர் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்கள் வாங்கத் தொடங்கிவிடுவார்கள். பழைய மாணவர் சங்கம், அறக்கட்டளை, தொழிற்சங்கம் என்று யாராவது ஒருவர் படிவம் அச்சடித்துக் கொடுப்பார். நிரப்பி வந்த படிவங்களை நான்கைந்து தன்னார்வலர்கள் ஆளுக்கொரு கட்டாகப் பிரித்துக்கொண்டு எக்செல்லில் ஏற்றுவார்கள். பணம் அனுப்ப உட்காரும் நாளில்தான் குளறுபடி தெரியவரும். ஒரு மாணவி 2025-இல் பிறந்திருக்கிறாள். ஒரு மாணவன் 500-க்கு 4755 மதிப்பெண் எடுத்திருக்கிறான். ஒரு வங்கிக் குறியீட்டில் பதினோரு எழுத்துக்குப் பதில் பத்துதான் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பழைய தாளைத் தேடி எடுத்து, அந்த வீட்டுக்குப் போன் போட்டு, சரிசெய்வதற்குள் கல்லூரியில் கட்டணம் கட்டும் தேதி போய்விடுகிறது.

இந்த மூன்று தவறுகளையும் டைப் அடித்த அந்த நொடியிலேயே எக்செல் மறுத்திருக்க முடியும். அதற்கான வசதி எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது. அதன் பெயர் Data Validation. ஒரு கட்டத்தில் எது நுழையலாம், எது கூடாது என்று முன்கூட்டியே எல்லை போட்டு வைப்பதுதான் அதன் வேலை. பலர் இதைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் டிராப் டவுனுக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள். தேதி, முழு எண், எழுத்தின் நீளம் ஆகிய மூன்றுக்கும் எல்லை போடுவது அதைவிடப் பயனுள்ளது என்பது என் எண்ணம். ஏனென்றால் பட்டியலில் அடங்காத, ஒவ்வொரு படிவத்துக்கும் மாறுகிற விவரங்களில்தான் பிழை அதிகம் விழுகிறது.

உதவித்தொகைப் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். B நெடுவரிசையில் மாணவர் பெயர், C-யில் பிறந்த தேதி, D-யில் விண்ணப்பம் வந்த தேதி, E-யில் மொத்த மதிப்பெண், F-இல் கைபேசி எண், G-யில் வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீடு, H-இல் கணக்கு எண். முதல் வரிசை தலைப்பு. விவரங்கள் இரண்டாம் வரிசையிலிருந்து தொடங்குகின்றன.

விண்ணப்பத் தேதியிலிருந்து ஆரம்பிப்பது எளிது. 2025 ஜூன் 1 முதல் ஜூன் 30 வரை விண்ணப்பம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். D2-இலிருந்து D500 வரை தேர்ந்தெடுத்து, மேலே Data என்ற தாவலுக்குப் போய், Data Validation பொத்தானை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் மூன்று பக்கங்கள் இருக்கும். முதல் பக்கமான Settings-இல் Allow என்ற இடத்தில் Date என்பதையும், அதன் கீழே Data என்ற இடத்தில் between என்பதையும் தேர்ந்தெடுங்கள். Start date, End date என்று இரண்டு இடங்கள் வரும். அங்கே தேதியை நேரடியாக அடிக்கலாம். ஆனால் இப்படி எழுதுவது நல்லது:

```
=DATE(2025,6,1)
=DATE(2025,6,30)
```

முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள். இப்படி எழுதினால் எது நாள், எது மாதம் என்ற குழப்பத்துக்கே இடமில்லை. OK அழுத்தியதும் எல்லை விழுந்துவிட்டது. இனி அந்த நெடுவரிசையில் ஜூலை 2-ஆம் தேதியை அடித்தால் எக்செல் ஏற்காது.

இங்கே எக்செல் உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பின்னால் வரும் எல்லாச் சிக்கலும் இதிலிருந்துதான் கிளைக்கிறது. எக்செல்லுக்குத் தேதி என்று தனியாக ஒன்று கிடையாது. 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து, அங்கிருந்து நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் 2025 ஜூன் 1 என்பது 45809, ஜூன் 30 என்பது 45838. நாம் போட்ட விதியை எக்செல் ‘45809-க்கும் 45838-க்கும் இடையே ஓர் எண் வரட்டும்’ என்றுதான் புரிந்துகொள்கிறது. அதனால் தேதிக்கான கட்டத்தில் ஒருவர் வெறுமனே 45815 என்று அடித்தாலும் எதிர்ப்பில்லாமல் உள்ளே போய்விடும். அது ஜூன் 7.

இன்னொன்று, நீங்கள் அடித்ததை எக்செல் முதலில் தன் வழக்கப்படி வாசித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் நீங்கள் போட்ட விதியோடு ஒப்பிடுகிறது. இந்த வாசிப்பு எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு உயிரியல் துறையில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. SEPT1, MARCH1 போன்ற மனித மரபணுப் பெயர்களை எக்செல்லில் அடித்தால் அவை செப்டம்பர் 1, மார்ச் 1 என்று தேதிகளாகிவிடும். பல ஆண்டுகள் இந்தத் தொல்லையைச் சகித்த பிறகு, மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே SEPTIN1, MARCHF1 என்று மாற்றிவிட்டது.

நம் பதிவேட்டில் இந்த வாசிப்பு எங்கே இடிக்கும்? நம்மூரில் தேதியைப் புள்ளி வைத்து எழுதுவது பழக்கம். 05.06.2025 என்று கை தானாகவே அடிக்கும். கணினியில் இந்திய முறை அமைந்திருந்தால் அது சிறுகோடு போட்ட தேதியை எதிர்பார்க்கிறது. புள்ளி வைத்ததை அது தேதியாக வாசிக்காமல், சாதாரண எழுத்துச் சரமாக எடுத்துக்கொள்ளும். விதி இல்லாத ஷீட்டில் இது அமைதியாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்கத் தேதி போலவே இருக்கும், ஆனால் வரிசைப்படுத்தினால் தனியாக ஒதுங்கி நிற்கும். விதி போட்ட ஷீட்டிலோ உடனே மறுப்பு வரும். ‘சரியான தேதியைத்தானே அடித்தேன், ஏன் வாங்க மாட்டேன் என்கிறது’ என்று தன்னார்வலர் திகைப்பார். விதி சரியாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் காரணத்தை அவருக்குச் சொல்ல யாருமில்லை.

இதைவிட மோசமானது நாளும் மாதமும் இடம் மாறுவது. கணினியின் தேதி முறை அமெரிக்க வழக்கில் இருந்தால் அது மாதத்தை முதலில் வாசிக்கும். புதிதாக வாங்கிய மடிக்கணினிகளில் இது அடிக்கடி நேர்கிறது. அங்கே 05-06-2025 என்று அடித்தால் மே 6 ஆகிவிடும். நம் எல்லை ஜூன் மாதம் மட்டுமே என்பதால் மே 6 தடுக்கப்படும். எல்லையை ‘2025 முழுவதும்’ என்று தாராளமாக வைத்திருந்தால் அது தப்பி உள்ளே போயிருக்கும். எல்லை எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு பிழை பிடிபடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பிறந்த தேதியில் அந்த வசதி இல்லை. 2025-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களில் பெரும்பாலோர் 2009-இலும் 2010-இலும் பிறந்தவர்கள். படிப்பு தடைப்பட்டு மீண்டும் எழுதியவர்களையும் சேர்த்தால் 2006 ஜனவரி 1 முதல் 2010 டிசம்பர் 31 வரை என்று எல்லை வைக்கலாம். நடப்பு ஆண்டையே பழக்கத்தில் அடித்துவிடுவது, அம்மாவின் பிறந்த தேதியைப் பார்த்து அடித்துவிடுவது ஆகிய இரண்டும் இதில் சிக்கும். ஆனால் ஜூன் 5, மே 6 ஆனால் சிக்காது. இரண்டுமே எல்லைக்குள் இருக்கும் நாட்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. ஒருவருடைய கணினியில் 12-ஆம் தேதி வரையிலான நாட்கள் எல்லாம் ஏற்கப்பட்டு, 13-இலிருந்து 31 வரை எதை அடித்தாலும் மறுப்பு வருகிறது என்றால், அந்தக் கணினி மாதத்தை முதலில் வாசிக்கிறது. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அந்தத் தேதிகளை அது எழுத்துச் சரமாக எடுத்துத் தள்ளுகிறது. அப்படி ஒரு புகார் வந்தால், அவர் அதுவரை அடித்த தேதிகளை எல்லாம் மறுபடி தாளோடு ஒப்பிட வேண்டும். மறுக்கப்பட்டவை பிழையில்லை, ஏற்கப்பட்டவைதான் பிழை. இதை முன்கூட்டியே கண்ணில் படவைக்க, C, D நெடுவரிசைகளின் வடிவத்தை Format Cells-இல் dd-mmm-yyyy என்று மாற்றிவிடுங்கள். 05-06-2009 என்று அடித்து முடித்ததும் கட்டத்தில் 05-Jun-2009 என்று மாதம் எழுத்தில் தெரியும். மே மாதம் என்று வந்தால் அடித்தவரே கவனித்துவிடுவார்.

அடுத்து மதிப்பெண். Allow-இல் Whole number என்று தேர்ந்தெடுத்தால் புள்ளி வைத்த எண் எதுவும் நுழையாது. 47.5 மறுக்கப்படும். சுழிக்குப் பதில் ஆங்கில எழுத்து O-வை அடித்து 4O5 என்று வந்தால், அது எண்ணே இல்லை என்பதால் அதுவும் மறுக்கப்படும். பலர் இதைக் கட்டத்தின் வடிவத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். வடிவத்தில் தசம இடம் வேண்டாம் என்று வைத்தால் 98.5 என்பது 99 ஆகத் தெரியும், உள்ளே 98.5 ஆகவே இருக்கும். வடிவம் தோற்றத்தை மட்டும் மாற்றுகிறது. விதிதான் நுழைவைத் தடுக்கிறது.

எல்லை என்ன வைப்பது? கை தானாக 0, 500 என்று அடிக்கும். கொஞ்சம் யோசித்தால் இன்னும் இறுக்கலாம். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றிலும் தேர்ச்சிக்கு 35 வேண்டும். தேர்ச்சி பெற்றவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்றால் மொத்தம் 175-க்குக் கீழே வர வழியே இல்லை. எனவே 175 முதல் 500. இந்த ஒரு மாற்றத்தால், 475-இல் கடைசி இலக்கம் விழுந்து 47 என்று அடித்தது சிக்கும். மொத்தத்துக்குப் பதில் சதவீதத்தைப் பார்த்து 95 என்று அடித்ததும் சிக்கும். 0-வில் எல்லை வைத்திருந்தால் இரண்டும் நுழைந்திருக்கும். 475 என்பதை 457 என்று மாற்றி அடித்ததை எந்த எல்லையும் பிடிக்காது. அதற்கு ஐந்து பாட மதிப்பெண்களையும் தனித்தனியே வாங்கி, ஷீட்டையே கூட்டச் சொல்லி, தாளில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்யும்போது விதியை ஐந்து பாடங்களின் கட்டங்களில் போடுங்கள். கூட்டல் வரும் கட்டத்தில் போட்டுப் பயனில்லை. சூத்திரம் கணக்கிட்டுத் தரும் விடையை Data Validation தடுப்பதில்லை.

இங்கே ஒரு தவறான ஆசை எழும். ‘நாம் 400-க்கு மேல் எடுத்தவர்களுக்குத்தானே உதவி தருகிறோம், எல்லையையே 400 என்று வைத்துவிட்டால் என்ன?’ அப்படிச் செய்யவே கூடாது. மேசையில் என்ன நடக்கும் என்று பாருங்கள். “அண்ணா, இந்தப் பையன் 398. ஷீட் வாங்க மாட்டேங்குது.” “400-ன்னு போடு, ஓரத்துல பென்சில்ல எழுதி வை, அப்புறம் பாத்துக்கலாம்.” அந்தப் பென்சில் குறிப்பை அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. தகுதியில்லாதவர் தகுதியானவராகப் பட்டியலில் ஏறிவிடுகிறார். விதி இல்லாமலிருந்தால் அங்கே 398 என்ற உண்மையாவது பதிவாகியிருக்கும். எது நடக்கக்கூடியதோ அதற்கு எல்லை வைக்க வேண்டும். எது நமக்கு வேண்டும் என்பதைப் பிறகு வடிகட்டிப் பார்த்துக்கொள்ளலாம். உண்மையான விவரத்தை மறுக்கிற விதி, டைப் அடிப்பவரைப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறது.

இதே காரணத்துக்காகத்தான் எக்செல் மறுப்பிலும் மூன்று தரம் வைத்திருக்கிறது. Data Validation பெட்டியின் மூன்றாவது பக்கமான Error Alert-இல் Style என்ற இடத்தில் Stop, Warning, Information என்று மூன்று இருக்கும். Stop என்றால் எல்லைக்கு வெளியே உள்ளது நுழையவே முடியாது. Warning என்றால் எச்சரித்துவிட்டு, தொடரலாமா என்று கேட்கும். Yes அழுத்தினால் ஏற்றுக்கொள்ளும். Information தகவல் மட்டும் சொல்லும், OK என்றால் ஏற்றுக்கொள்ளும். விண்ணப்பத் தேதிக்கு Stop பொருந்தும், ஜூனுக்கு வெளியே வந்த விண்ணப்பம் செல்லாது. பிறந்த தேதிக்கு Warning பொருந்தும். இருபத்திரண்டு வயதில் தனித்தேர்வராக எழுதித் தேறிய ஒருவர் விண்ணப்பிக்கலாம், அவரை ஷீட் வெளியே நிறுத்தக் கூடாது.

அதே பக்கத்தில் செய்தி எழுதவும் இடம் உண்டு. அதைக் காலியாக விட்டால், இந்தக் கட்டத்துக்கான விதியோடு மதிப்பு பொருந்தவில்லை என்ற பொருளில் எக்செல் ஓர் ஆங்கில வாக்கியத்தைக் காட்டும். தவறு என்ன என்று அதில் இருக்காது. தமிழிலேயே எழுதுங்கள். ‘ஜூன் 1 முதல் 30 வரை மட்டும். புள்ளி வைக்காமல் 05-06-2025 என்று அடிக்கவும்’ என்றால் போதும். புள்ளி வைத்துத் திகைத்து நிற்பவருக்கு அந்த ஒரு வரி வழிகாட்டிவிடும். இரண்டாவது பக்கமான Input Message-இல் எழுதுவது, கட்டத்தில் போய் நின்றதுமே மஞ்சள் சீட்டு போலத் தெரியும். அதற்கு 255 குறிகள் வரை இடம் உண்டு. ஆனால் எல்லா நெடுவரிசைக்கும் அதை வைத்தால் அடுத்த கட்டங்களை மறைத்துக்கொண்டு தொல்லை தரும். குழப்பம் வரக்கூடிய ஒன்றிரண்டு இடங்களுக்கு மட்டும் வைப்பது நல்லது.

மூன்றாவது வகை, Text length. ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் எப்போதும் பதினோரு குறிகள். Text length, equal to, 11 என்று வைத்தால் பத்தும் வராது, பன்னிரண்டும் வராது. கடைசியில் தெரியாமல் தட்டிய ஓர் இடைவெளியும் ஒரு குறியாக எண்ணப்படும். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் மறுப்பு வந்தால் முதலில் அந்த இடைவெளியைத் தேடுங்கள்.

ஆனால் நீளம் மட்டும் பார்க்கும் விதி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஐஎஃப்எஸ்சியில் முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் சுழி, மீதி ஆறு கிளையைக் குறிப்பவை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் குறியீடு IOBA என்று தொடங்கும். அதில் O என்ற எழுத்தும் வருகிறது, அடுத்து சுழியும் வருகிறது. கையெழுத்துப் படிவத்தைப் பார்த்து அடிப்பவர் ஐந்தாவது இடத்திலும் O என்றே அடித்துவிடுவார். நீளம் பதினொன்று, விதி திருப்தி, பணம் மட்டும் போய்ச் சேராது. ஒரு கட்டத்துக்கு ஒரு விதிதான் போட முடியும் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க Allow-இல் Custom என்று தேர்ந்தெடுத்து இந்தச் சூத்திரத்தை எழுத வேண்டும்:

```
=AND(LEN(G2)=11,MID(G2,5,1)="0")
```

நீளம் பதினொன்றாகவும் இருக்க வேண்டும், ஐந்தாவது இடத்தில் சுழியும் இருக்க வேண்டும் என்று பொருள். G2 என்பது நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதியின் முதல் கட்டம். கீழே உள்ள கட்டங்களுக்கு எக்செல் தானாகவே G3, G4 என்று மாற்றிக்கொள்ளும்.

கைபேசி எண்ணுக்கும் பலர் Text length 10 என்று வைக்கிறார்கள். அங்கே Whole number வைப்பதே சிறந்தது. இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குபவை. எனவே 6000000000 முதல் 9999999999 வரை என்று வைத்தால் நீளம், தொடக்கம், இலக்கங்கள் மட்டுமே என்ற மூன்று நிபந்தனைகளும் ஒரே விதியில் அடங்கிவிடும். நடுவில் இடைவெளி விட்டு அடித்தால் அது எண் ஆகாது, மறுக்கப்படும். முன்னால் +91 சேர்த்தால் பன்னிரண்டு இலக்கமாகி எல்லை தாண்டும். அஞ்சல் குறியீட்டுக்கும் இதே முறைதான், 100000 முதல் 999999 வரை.

தமிழில் பெயர் அடிப்பவர்கள் நீள விதியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சான்றிதழில் பெயருக்கு இருபது எழுத்துக்கு இடம் இருக்கிறது என்று B நெடுவரிசையில் Text length 20 வரை என்று வைத்தால், பல பெயர்கள் மறுக்கப்படும். முத்துலட்சுமி என்பதில் நாம் எண்ணுவது ஏழு எழுத்து. எக்செல்லோ பதின்மூன்று என்று எண்ணும். யூனிகோடில் உகரக் கொக்கி, இகரக் கொம்பு, மெய்யின் புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறியாகவே சேமிக்கப்படுகின்றன. ‘மு’ இரண்டு, ‘த்’ இரண்டு, ‘ல’ மட்டும் ஒன்று. ஆகவே தமிழுக்கு எல்லை வைக்கும்போது நாம் எண்ணும் எழுத்தைப் போல இரண்டு மடங்கு வைத்துவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். அப்படி வைத்தாலும் அது அகலத்தைச் சொல்லாது. சான்றிதழில் இடம் போதுமா என்பதை அச்சு எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இத்தனை எல்லைகளையும் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து எழுதுவதற்குப் பதில், ஓரமாக ஒரு தனி ஷீட்டில் தொடக்கத் தேதி, இறுதித் தேதி, குறைந்த மதிப்பெண் என்று எழுதி வைத்து, விதியில் அந்தக் கட்டங்களைச் சுட்டலாம். அடுத்த ஆண்டு தேதியை அங்கே மட்டும் மாற்றினால் போதும். நல்ல வழக்கம்தான், ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கட்டத்தைச் சுட்டும்போது டாலர் குறி போட்டு $B$1 என்று எழுத வேண்டும். வெறுமனே B1 என்று எழுதினால், பதிவேட்டில் ஒவ்வொரு வரிசை இறங்க இறங்க அது B2, B3 என்று நகர்ந்து வெற்றுக் கட்டங்களைப் பார்க்கத் தொடங்கும். Settings பக்கத்தில் Ignore blank என்ற பெட்டி வழக்கமாக டிக் செய்யப்பட்டே இருக்கும். அது இருக்கும்போது, விதி சுட்டும் கட்டம் வெறுமையாக இருந்தால் எக்செல் எதையும் ஏற்றுக்கொள்ளும். முதல் வரிசையில் சோதித்துப் பார்ப்பீர்கள், மறுப்பு சரியாக வரும். கீழே உள்ள நூற்றுக்கணக்கான வரிசைகளில் விதி இருந்தும் இல்லாதது போலத்தான். எந்த எச்சரிக்கையும் வராது. எனவே எப்போதும் கடைசி வரிசையிலும் ஒருமுறை தவறான மதிப்பை அடித்துப் பாருங்கள்.

இதுவரை சொன்ன எல்லாமே விசைப்பலகையில் அடிப்பதற்குத்தான் பொருந்தும். Data Validation காவல் காப்பது அந்த ஒரு வாசலை மட்டும்தான். ஏற்கெனவே கட்டத்தில் இருப்பதை அது பார்ப்பதில்லை. ஒட்டுவதையும் தடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் வந்த எண்ணை நகலெடுத்துக் கட்டத்தில் ஒட்டினால், பிழையாக இருந்தாலும் உள்ளே போய்விடும். இன்னொரு எக்செல் கட்டத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் நிலைமை இன்னும் மோசம், மதிப்போடு சேர்ந்து விதியும் மாறிவிடும். மூலக் கட்டத்தில் விதி இல்லை என்றால் இங்கிருந்த விதியும் அழிந்துபோகும். தன்னார்வலர்கள் ஆளுக்கொரு கோப்பில் அடித்துக் கடைசியில் ஒருவர் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஒட்டிச் சேர்க்கும் வழக்கத்தில் இதுதான் நடக்கிறது.

அதனால் சேர்த்து முடித்த பிறகு சோதனை இரண்டு படியாக நடக்க வேண்டும், வரிசையும் முக்கியம். முதலில் விதி எங்கெல்லாம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். Home தாவலில் Find & Select-க்குள் Data Validation என்று இருக்கிறது, அதை அழுத்தினால் விதி உள்ள கட்டங்கள் எல்லாம் தேர்வாகி நிறம் மாறும். நடுவில் ஓட்டை தெரிந்தால் அங்கே விதி போய்விட்டது என்று பொருள். அந்த நெடுவரிசையை முழுவதும் தேர்ந்தெடுத்து மறுபடி Data Validation அழுத்தினால், சில கட்டங்களில் விதி இல்லை, அவற்றுக்கும் நீட்டிக்கவா என்று எக்செல்லே கேட்கும். Yes சொல்லுங்கள். அதன்பிறகு Data Validation பொத்தானின் கீழே உள்ள சிறு அம்பை அழுத்தி Circle Invalid Data என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லைக்கு வெளியே உள்ள ஒவ்வொரு மதிப்பையும் சிவப்பு வட்டமிட்டுக் காட்டும். முதல் படியைத் தாண்டி நேராக இதற்கு வந்தால், விதி அழிந்த கட்டங்களில் எவ்வளவு பெரிய பிழை இருந்தாலும் வட்டம் விழாது. எல்லாம் சுத்தமாக இருப்பதாக நினைத்துக் கோப்பை மூடிவிடுவீர்கள்.

எக்செல் இல்லாதவர்களுக்கும் இந்த வழி உண்டு. லிப்ரே ஆபிஸ் கால்க்கில் Data மெனுவில் Validity என்ற பெயரில் இதே தேதி, முழு எண், எழுத்து நீள விதிகள் இருக்கின்றன. கூகுள் ஷீட்ஸில் தேதிக்கும் எண்ணுக்கும் விதி இருக்கிறது. முழு எண்ணுக்கும் நீளத்துக்கும் சூத்திரம்தான் எழுத வேண்டும். அங்கே எச்சரிக்கை மட்டும் காட்டும்படி இருந்தால், நுழையவிடாமல் தடுக்க Reject the input என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

கடைசியாகக் கணக்கு எண். பணம் போய்ச் சேரும் இடம் என்பதால் மிகவும் முக்கியமானது, எல்லை போட மிகவும் கடினமானதும் அதுதான். வங்கிக்கு வங்கி நீளம் வேறு. ஸ்டேட் வங்கிக்குப் பதினோரு இலக்கம், இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்குப் பதினைந்து, பஞ்சாப் நேஷனல் வங்கிக்குப் பதினாறு. எக்செல் ஓர் எண்ணில் பதினைந்து இலக்கங்களை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். பதினாறாவது இலக்கத்தைச் சுழியாக மாற்றிவிடும். முன்னால் சுழி இருந்தால் அதையும் விழுங்கிவிடும். ஆகவே ஒரு விவரம்கூட அடிப்பதற்கு முன்பே H நெடுவரிசையை Format Cells-இல் Text என்று மாற்றுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பி வராது. பிறகு Text length, between, 9 முதல் 18 வரை என்று வையுங்கள்.

இந்த விதி இலக்கம் விழுந்த பிழைகளில் சிலவற்றைத்தான் பிடிக்கும். ஓர் இலக்கம் மாறியிருந்தால் பிடிக்காது. அதற்கு I நெடுவரிசையையும் Text என்று மாற்றி, கணக்கு எண்ணை அங்கே இரண்டாம் முறை, தாளைப் பார்த்து, முடிந்தால் இன்னொருவரை அடிக்கச் சொல்லுங்கள். அங்கே Custom விதி:

```
=I2=H2
```

இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் உள்ளே வராது. இரண்டு நெடுவரிசைகளும் Text ஆக இருப்பது இங்கே கட்டாயம். எண்ணாக இருந்தால், கடைசி இலக்கம் மட்டும் வேறுபடும் இரண்டு பதினாறு இலக்க எண்களும் சுழியில் முடிந்து, எக்செல்லுக்கு ஒன்றாகவே தெரியும்.

கோப்பைத் தன்னார்வலர்களிடம் கொடுக்கும் முன் ஒவ்வொரு நெடுவரிசையிலும் எல்லையின் இருபுறமும் நீங்களே அடித்துப் பாருங்கள். விண்ணப்பத் தேதியில் மே 31, ஜூன் 1, ஜூன் 30, ஜூலை 1. மதிப்பெண்ணில் 174, 175, 500, 501, அதோடு 475.5. குறியீட்டில் பத்து எழுத்து ஒன்று, பதினோரு எழுத்து ஒன்று, ஐந்தாவது இடத்தில் O வைத்தது ஒன்று. ஏற்க வேண்டியதை ஏற்று, மறுக்க வேண்டியதை மறுத்து, மறுப்புச் செய்தி தமிழில் புரியும்படி வந்தால், அந்தக் கோப்பைத் தாராளமாகக் கொடுத்து அனுப்பலாம்.